ஒரே ஒழுகல், இரண்டு தாள்கள்

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இல் சமரச மையம் தொடங்கப்பட்டது. நீதிமன்றம் சார்ந்த சமரசர்களுக்கான பயிற்சி 40 மணி நேரம் நடக்கும். அதில் கணிசமான பொழுது நடித்துப் பார்ப்பதில் கழியும். ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, இரு தரப்புக்கும் தெரிந்த விவரங்களை ஒரு பொதுத் தாளில் கொடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனியாக ஒரு ரகசியத் தாள் கொடுப்பார்கள். எதிராளி அதைப் பார்க்கக் கூடாது. இந்த ரகசியத் தாள்களில்தான் பயிற்சியின் உயிர் இருக்கிறது. அவை சரியாக எழுதப்படாவிட்டால் எவ்வளவு திறமையான ஆட்கள் நடித்தாலும் வெறும் பேரம்தான் நடக்கும்.

வாடகை உயர்வும் வீட்டுப் பழுதும் கலந்த தகராறு இதற்கு மிகவும் பொருத்தமான பொருள். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருமே வாழ்க்கையில் ஒரு பக்கத்திலாவது நின்றிருப்பார்கள். அப்படி ஒரு பயிற்சிக்காக நான் எழுதிய இரண்டு ரகசியத் தாள்களை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஆட்கள் கற்பனை. தொகைகள் சென்னைப் புறநகருக்குப் பொருந்தும்படி வைத்தவை.

முதலில் பொதுத் தாள். குரோம்பேட்டையில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் மனைவியோடு இருக்கிறார். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மேலே இரண்டு படுக்கையறை வீட்டில் நான்கு வருடமாக ஒரு குடும்பம் குடியிருக்கிறது. வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 1,00,000. ஜூன் 30-ஆம் தேதி அக்ரிமெண்ட் முடிகிறது. புதுப்பிக்க 22,000 வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். போன நவம்பர் மழையில் மேல்வீட்டின் படுக்கையறைக் கூரை ஒழுகியது. குளியலறைக் குழாயும் சொட்டுகிறது. மொட்டைமாடியைப் பார்த்த கொத்தனார், பழைய தட்டோட்டைப் பெயர்த்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மழைநீர்க் குழாயை நோக்கி வாட்டம் கொடுத்துத் திரும்பத் தளம் போட 48,000 ஆகும் என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்.

பொதுத் தாளில் ஒரு சிறு விவரத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். கூரையில் தெரியும் பழுப்புக் கறை மார்ச் மாதத்தில் காய்ந்துவிட்டது. கோடையிலும் ஈரம் இருந்தால் எங்கோ தண்ணீர்க் குழாய் கசிகிறது என்று பொருள். மழையோடு வந்து வெயிலோடு போனால், பெரும்பாலும் மொட்டைமாடித் தளத்திலோ கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் இடத்திலோ வெடிப்பு இருக்கும். ஆகவே இந்தக் கறை தளத்தின் பழுதைக் காட்டுகிறது; யார் செலவு செய்ய வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, கட்டடத்தின் கட்டமைப்புப் பழுதை வீட்டுக்காரர் பொறுப்பில் வைக்கிறது. சொட்டும் குழாயையோ அதன் வாஷரையோ மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. ஆக, குளியலறைக் குழாயை ஒரு நிமிடத்தில் பேசி முடித்துவிடலாம். கூரைதான் விவகாரம்.

சட்ட விவரத்தைப் பொதுத் தாளில் வைப்பதா, குடியிருப்பவரின் ரகசியத் தாளில் வைப்பதா என்பது எழுதுபவர் எடுக்கும் பெரிய முடிவு. ரகசியத் தாளில் வைத்தால் அது ஒளித்துவைத்த கத்தியாகிவிடும். நடுவில் உருவிக் காட்டுவார்கள், எதிராளி முகம் சுருங்கும், அதோடு பேச்சு முடிந்துவிடும். பொதுவில் வைத்தால் இருவருமே, பொறுப்பு யாருடையது என்பது தெரிந்தும் பணம் எங்கிருந்து வரும் என்று யோசிக்க வேண்டியிருக்கும். நான் பொதுவில் வைப்பதே சரி என்று நினைக்கிறேன்.

இனி ரகசியத் தாள்கள்.

குடியிருப்பவரின் தாள் இப்படித் தொடங்குகிறது: "உங்கள் மகன் இப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்திருக்கிறான். பள்ளிக்கு நடந்தே போய்விடுகிறான். அடுத்த ஏப்ரல் வரை வீடு மாற்றுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இதை வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் பிடியை இறுக்கிவிடுவார் என்று பயப்படுகிறீர்கள். போன மழையில் அவன் கட்டிலில் தண்ணீர் சொட்டியது, புத்தகங்கள் நனைந்தன. வீட்டுக்காரரிடம் மூன்று முறை சொல்லியும் 'பார்க்கலாம்' என்றே பதில் வந்தது. அந்தக் கோபம் இன்னும் உங்களுக்கு ஆறவில்லை."

வீட்டுக்காரரின் தாள்: "மேல்வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்துவிடும். ஆனால் மனைவியின் மருந்துச் செலவு கூடிவிட்டது, 18,000 போதவில்லை. கூரையைச் சரிசெய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கையில் பணம் இல்லை. வங்கியில் போட்ட வைப்புத்தொகை ஜனவரியில்தான் முதிர்கிறது. பணம் இல்லை என்று குடியிருப்பவரிடம் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் கேட்கும்போதெல்லாம் 'பார்க்கலாம்' என்று சொல்லிவிடுகிறீர்கள்."

"பார்க்கலாம்" இரண்டு தாள்களிலும் வருகிறது. ஒன்றில் அது அலட்சியம், மற்றதில் வெட்கம். ஒரே சொல் இரு பக்கமும் எப்படிப் பதிந்திருக்கிறது என்பதை நடிப்பவர்கள் பயிற்சி முடிந்து தாள்களை மாற்றிப் படிக்கும்போதுதான் காண்பார்கள். அதுவரை குடியிருப்பவராக நடிப்பவர் உண்மையாகவே கோபப்படுவார். வீட்டுக்காரராக நடிப்பவர் உண்மையாகவே பேச்சை மாற்றுவார். ரகசியத் தாளில் குணத்தை எழுத வேண்டியதில்லை. "நீங்கள் பிடிவாதக்காரர்" என்று எழுதினால் மேடை நாடகம்தான் கிடைக்கும். காரணத்தை எழுதினால் பிடிவாதம் தானாக வரும்.

இரண்டாவதாக ஒப்பிட வேண்டியது, பேச்சு முறிந்தால் அவரவருக்கு என்ன ஆகும் என்பது. குடியிருப்பவர் பக்கத்துத் தெருக்களில் விசாரித்திருக்கிறார். இதே அளவு வீடு 21,000-க்குக் கிடைக்கிறது. அட்வான்ஸ் 1,50,000 கேட்கிறார்கள். புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை; சாமான் ஏற்றி இறக்க 12,000. பழைய அட்வான்ஸ் திரும்பி வருவதற்கு முன்பே கையில் 1,83,000 இருந்தாக வேண்டும். அவரிடம் இருப்பதோ அடுத்த மாதம் எடுக்கப்போகும் 60,000 சீட்டுப் பணம் மட்டும்தான். அதையும் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக அடுத்த ஜூனுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்.

வீட்டுக்காரரின் தாளில், தெருமுனைப் புரோக்கர் 22,000 தாராளமாகப் போகும் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தைரியத்தில்தான் அவர் அந்தத் தொகையைக் கேட்டார். ஆனால் அதே தாளில் இரண்டு வரி கீழே: "கூரைக் கறையைப் பார்த்தால் புதிதாக வருபவர் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்று புரோக்கர் சொன்னார். குடியிருப்பவர் காலி செய்தால் 1,00,000 அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். மனைவியின் அறுவை சிகிச்சைக்கு அதைச் செலவழித்துவிட்டீர்கள்."

இந்தக் கடைசி வரிதான் முழுப் பயிற்சியிலும் கனமானது. அட்வான்ஸ் என்பது வாங்கியவர் கையில் அப்படியே இருக்கும் என்று கொடுத்தவர் நினைத்துக்கொண்டிருப்பார். பல வீடுகளில் அது கல்யாணத்திலோ ஆஸ்பத்திரியிலோ மேல்மாடி கட்டியதிலோ கரைந்திருக்கும். அடுத்த குடித்தனக்காரர் கொடுக்கும் அட்வான்ஸில்தான் முந்தியவருக்குத் திருப்பித் தருவார்கள். ஆகவே, "காலி பண்ணிக்கோங்க" என்று சொல்லும் வீட்டுக்காரருக்கும் உள்ளே பயம் இருக்கலாம். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தால், வீடு காலியாவதைப் பார்த்து இருவரும் ஏறக்குறைய சமமாகவே பயப்படுகிறார்கள் என்று தெரியும். தன் பயம் மட்டும்தான் உண்மை என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, கடைசி எல்லை. பெரும்பாலான பயிற்சித் தாள்கள் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன. "20,500-க்கு மேல் கொடுக்காதீர்கள்" என்று ஒரு தாளிலும், "19,500-க்குக் கீழே இறங்காதீர்கள்" என்று மற்றதிலும் எழுதிவிடுவார்கள். இடையில் ஆயிரம் ரூபாய் இடைவெளி இருக்கிறது. நடிப்பவர்கள் இரண்டு பக்கமிருந்தும் ஐநூறு ஐநூறாக நகர்ந்து 20,000-இல் கை குலுக்குவார்கள். பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். கூரையைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கமாட்டார்கள்.

அப்படிப்பட்ட தாளை வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு இப்படித்தான் போகும்:

வீட்டுக்காரர்: இருபத்திரண்டு சொல்லியிருந்தேனேம்மா.

குடியிருப்பவர்: ரொம்ப ஜாஸ்தி சார். பத்தொன்பது தரேன்.

வீட்டுக்காரர்: இந்த ஏரியாவுல விசாரிச்சுப் பாரும்மா. இருபத்தொண்ணு குடு.

குடியிருப்பவர்: கூரை வேற ஒழுகுது சார். பத்தொன்பதரை.

வீட்டுக்காரர்: அது பார்க்கலாம்மா. இருபதுன்னு முடிச்சுக்கலாமா?

கவனித்தால், கூரை இங்கே பேரத்தில் ஐநூறு ரூபாய் குறைக்கும் ஆயுதமாக மட்டுமே வந்து போகிறது. ஒப்பந்தமும் ஆகிவிட்டது, அக்டோபரில் கட்டிலும் நனையும்.

நான் எழுதிய தாள்களில் எல்லை ஒற்றை எண்ணாக இல்லை, நிபந்தனையோடு வருகிறது. குடியிருப்பவருக்கு: "கூரை சரியாகாவிட்டால் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏற்றம் இல்லை, அதாவது 18,900. மழைக்கு முன் கூரை சரியாகி, இரண்டு வருடத்துக்கு அக்ரிமெண்ட்டும் கிடைத்தால் 20,500 வரை போகலாம். கணவரோடு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. தனியாக மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை." வீட்டுக்காரருக்கு: "கூரைக்கு இப்போதே நீங்கள் பணம் போட வேண்டுமானால் நகையை அடகு வைக்க வேண்டும். வட்டியையும் சேர்த்தால் 21,000-க்குக் கீழே முடியாது. இப்போது கையிலிருந்து பணம் போக வேண்டாம் என்றால், 19,500 கையில் வந்தால் போதும். மனைவியோடு பேசி முடிவு செய்தது இது."

இந்த நான்கு எண்களையும் நேருக்கு நேர் வைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் உடனே கூரையைச் சரிசெய்தால் அவருக்கு 21,000 வேண்டும். குடியிருப்பவரால் 20,500-தான் முடியும். ஒப்பந்தம் இல்லை. கூரையைத் தொடாமல் விட்டால் வீட்டுக்காரருக்கு 19,500 வேண்டும். குடியிருப்பவர் 18,900-இல் நிற்கிறார். அங்கேயும் ஒப்பந்தம் இல்லை. எல்லோர் மனதிலும் முதலில் தோன்றும் இரண்டு வழிகளும் அடைபட்டிருக்கின்றன. கூரை இப்போதே சரியாக வேண்டும், ஆனால் பணம் இப்போது வீட்டுக்காரர் கையிலிருந்து போகக் கூடாது என்ற மூன்றாவது வழியில் மட்டும் 19,500-க்கும் 20,500-க்கும் இடையில் கதவு திறக்கிறது. அந்த வழியை எந்தத் தாளும் சொல்லவில்லை. ஒருவரிடம் சீட்டுப் பணம் இருக்கிறது, மற்றவருக்கு ஜனவரியில் வைப்புத்தொகை முதிர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தால்தான் கதவு தெரியும்.

பார்க்க வைப்பது கேள்வி மட்டுமே. இதே வழக்கு நிபந்தனைத் தாள்களோடு நடந்தால் திருப்பம் இப்படி வரும்:

குடியிருப்பவர்: சார், வாடகையை அப்புறம் பேசலாம். போன வருஷமே கூரையைச் சொன்னேன். ஏன் தள்ளிப்போகுதுன்னு மட்டும் சொல்லுங்க.

வீட்டுக்காரர்: (சற்று நேரம் கழித்து) செய்யக் கூடாதுன்னு இல்லைம்மா. ஜனவரியில ஒரு பணம் வருது. அதுக்கு முன்னாடி கஷ்டம்.

குடியிருப்பவர்: ஜனவரின்னா மழையே முடிஞ்சிடுமே சார்.

வீட்டுக்காரர்: அதான் எனக்கும் தெரியலை.

குடியிருப்பவர்: கொத்தனாருக்கு நான் இப்பக் குடுத்துட்டு, நீங்க ஜனவரியில எனக்குத் தந்தா?

"ஏன் தள்ளிப்போகுது" என்ற கேள்வி வந்த பிறகுதான் ஜனவரி வெளியே வருகிறது. "ஏன் செய்யலை?" என்று குற்றமாகக் கேட்டிருந்தால் "செய்யறேன், பார்க்கலாம்" என்ற பழைய பதிலே வந்திருக்கும். பயிற்சியாளர் குறித்துக்கொள்ள வேண்டியது இந்த நொடியைத்தான்: முதல் உண்மையான கேள்வி எந்த நிமிடத்தில் வந்தது, அதற்கு முன் எத்தனை எண்கள் வீசப்பட்டன. எண்கள் மட்டுமே பறந்துகொண்டிருந்தால் ஆட்டம் தடம் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இதற்குப் பிறகு ஒப்பந்தத்தை முழுமையாக்குவதிலும் வேலை இருக்கிறது. 48,000-ஐக் குடியிருப்பவர் ஜூலையில் கொடுக்கிறார். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் தளம் போட்டுக் காய வேண்டும். வாடகை 20,000. வீட்டுக்காரரின் மருந்துச் செலவு தடைபடாமல் இருக்க, டிசம்பர் வரை கழிவு எதுவும் இல்லாமல் முழுத் தொகையும் கொடுக்கப்படுகிறது. ஜனவரியில் வீட்டுக்காரர் 48,000-ஐத் திருப்பித் தருகிறார். தரமுடியாமல் போனால்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுந்துவிடுவதுதான் நடிப்பவர்கள் செய்யும் அடுத்த தவறு. நல்லுறவு வந்துவிட்ட மகிழ்ச்சியில் சங்கடமான வாக்கியத்தை விட்டுவிடுவார்கள். எழுத வேண்டியது இது: ஜனவரியில் பணம் வராவிட்டால் பிப்ரவரி முதல் மே வரை மாதம் 12,000 வீதம் வாடகையில் கழியும். நான்கு மாதத்தில் 48,000 தீர்ந்துவிடும். ஜூனில் கல்லூரிக் கட்டணத்துக்குக் குடியிருப்பவர் கையில் பணம் இருக்கும். வாடகையே அவருக்கு உத்தரவாதம். வீட்டுக்காரருக்கோ மாதம் 8,000 மட்டும் வரும் நிலை பிடிக்காது, ஆகவே ஜனவரியில் கொடுத்துவிடவே முயல்வார்.

கொத்தனார் கணக்கு கூடினால் யார் பொறுப்பு என்பதையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். பழைய தளத்தைப் பெயர்த்த பிறகுதான் அடியில் கான்கிரீட் உப்பிக் கம்பி துருப்பிடித்திருப்பது தெரியவருவதும் உண்டு. அது கட்டமைப்புச் செலவு, வீட்டுக்காரருடையது. கூடுதல் தொகையும் அதே முறையில் கழியும் என்று சேர்த்துவிட்டால் போதும்.

இந்தத் தாள்களில் ஒரு வேறுபாட்டை நான் சமன்செய்யவில்லை. வீட்டுக்காரரின் தாளில் இருப்பவை பெரும்பாலும் சொல்ல வெட்கப்படும் விஷயங்கள். குடியிருப்பவரின் தாளில் இருப்பவை சொன்னால் பிடி நழுவும் என்று பயப்படும் விஷயங்கள். பயத்தைவிட வெட்கத்தை வெளியே கொண்டுவருவது கடினம். அதனால் வீட்டுக்காரராக நடிப்பது எளிது என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். உரிமை அவர் பக்கம் இருப்பதுபோல் தோன்றும். தாளைப் பிரித்தால் அவரிடம்தான் கை குறைவு.

எது சொல்லலாம், எது கூடாது என்ற விதி இரண்டு தாள்களிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தாளில் இருப்பதைச் சொல்ல மறுக்கலாம். நேராகக் கேட்டால் அதற்கு மாறாகச் சொல்லக் கூடாது. தாளில் இல்லாததைக் கற்பித்துக்கொள்ளவும் கூடாது. இந்தக் கடைசி விதி மீறப்படும்போது பயிற்சி பாழாகிவிடும். "என் மச்சான் கான்ட்ராக்டர், சும்மாவே செஞ்சு குடுப்பான்" என்று ஒருவர் அடித்துவிட்டால் 48,000 மறைந்துவிடும். கூடவே பிரச்சினையும் மறைந்துவிடும். அப்போது பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தி, "இது உங்கள் தாளில் எங்கே இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். தாளை உரக்கப் படித்துக் காட்டுவதும் அப்படித்தான். தகவலைச் சொல்லலாம், தாளைக் காட்டக் கூடாது.

நடித்து முடித்ததும் உடனே தொகையைக் கேட்காதீர்கள். தாள்களை மாற்றிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். குடியிருப்பவராக நடித்தவர் "அட்வான்ஸைச் செலவழித்துவிட்டீர்கள்" என்ற வரிக்கு வரும்வரை காத்திருங்கள். அதன் பிறகு ஒப்பந்தத்தை எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்தாக வேண்டும். ஆகவே அந்த ஜனவரி வாக்கியமும், பிப்ரவரிக் கழிவும், இரண்டு வருடக் காலமும் அந்த அக்ரிமெண்ட்டுக்குள்ளேயே இடம்பெற வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டுவிட்ட ஜோடி, எவ்வளவு நட்போடு எழுந்திருந்தாலும், இந்தப் பயிற்சியை இன்னும் முடிக்கவில்லை.